சாமை தெறிக்கும்போது படம் ஏன் குதிக்கிறது?

ஜமுனாமரத்தூர் பக்கத்து ஊர் ஒன்றில், சாமை அறுவடை முடிந்த கையோடு ஒரு பாட்டி முறத்தில் புடைத்துக்கொண்டிருந்ததை நண்பர் ஒருவர் போனில் எடுத்து வந்தார். ஜவ்வாது மலைச் சாமையைப் பாக்கெட் போட்டு விற்கிறவர். இரண்டு நிமிட விளம்பர வீடியோ ஒன்று வேண்டுமென்று திருவண்ணாமலையில் என் மேசைக்கு வந்தார். முறத்தை ஒரு தட்டு தட்டினால் தானியம் மேலே எழுகிறது, உமி காற்றில் ஒதுங்குகிறது, தானியம் மறுபடி முறத்தில் வந்து விழுகிறது. "அந்த ஒரு தட்டை மட்டும் அப்படியே மிதக்க விடுங்க சார்" என்றார். கேட்க அழகான யோசனை. வேகத்தை 25 சதவீதமாக்கிப் போட்டுக் காட்டினேன். தானியம் மிதக்கவில்லை, படிக்கட்டில் இறங்குவது மாதிரி தடக் தடக்கென்று இறங்கியது.

நல்ல கேமராவில் மறுபடி போய் எடுத்து வாருங்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் அறுவடை முடிந்துவிட்டது. கையில் இருக்கிற கிளிப்பை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். இந்த வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேரின் நிலைமை இதுதான் என்பதால், இருப்பதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த வீடியோவை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அந்தக் கிளிப் விநாடிக்கு 30 பிரேம். ஒரு தட்டு, அதாவது தானியம் எழுந்து திரும்ப விழும் நேரம், சுமார் 0.6 விநாடி. ஆக அந்தத் தட்டுக்கு என்னிடம் உள்ள உண்மையான படங்கள் மொத்தம் 18. நான் வேலை செய்த டைம்லைன் விநாடிக்கு 24 பிரேம். 25 சதவீத வேகம் என்றால் 0.6 விநாடி 2.4 விநாடியாகிறது, அதற்கு ஏறக்குறைய 58 பிரேம் வேண்டும். இருப்பது 18. மீதி நாற்பதுக்கு எங்கே போவது? எடிட்டிங் மென்பொருள் இருக்கிற படத்தையே திருப்பித் திருப்பிக் காட்டி இடத்தை நிரப்புகிறது. படிக்கட்டு வருவது அதனால்தான்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. 25 சதவீதத்தில் ஒரு விநாடிக்கு ஏழரைப் படம்தான் கிடைக்கிறது. 24 இடத்தை ஏழரைப் படத்தால் நிரப்பினால் சில படங்கள் மூன்று முறையும் சில படங்கள் நான்கு முறையும் வரும். மூன்று, மூன்று, மூன்று, நான்கு, மூன்று என்று தாளம் தப்பும். கண்ணுக்கு உறுத்துவது படம் திரும்ப வருவதைவிட இந்தத் தாளப் பிசகுதான். கார்ட்டூன் படங்களில் ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு வைப்பது பழைய வழக்கம், அதை யாரும் குதிக்கிறது என்று சொல்வதில்லை. காரணம், எல்லா ஓவியமும் இரண்டே முறை வருகிறது. ஃபிலிம் காலத்தில் ஆய்வகத்தில் ஒரு பிரேமை இரண்டு முறை, மூன்று முறை அச்சடித்து நடையை மெதுவாக்கியபோதும் எண்ணிக்கை சீராகவே இருந்தது.

எனவே வேகத்தை வாய்க்கு வந்த எண்ணில் வைக்கக்கூடாது. டைம்லைன் பிரேமை கிளிப்பின் பிரேமால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 24-ஐ 30-ஆல் வகுத்தால் 80 சதவீதம். இந்த வேகத்தில் ஒவ்வொரு படமும் சரியாக ஒரு முறை வரும், எதுவும் திரும்ப வராது, எதுவும் விடுபடாது. இதில் பாதி 40 சதவீதம். இதில் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 50 சதவீதம் பார்க்கப் பத்திரமான எண்ணாகத் தெரிகிறது, ஆனால் அங்கே விநாடிக்கு 15 படம், அதை 24 இடத்தில் சீராகப் பரப்ப முடியாது. அதனால் இந்த டைம்லைனில் 40 சதவீதம் 50 சதவீதத்தைவிட மெதுவானது, ஆனாலும் அதைவிட வழவழப்பாகத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஓட்டிப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

உங்கள் டைம்லைன் 30 என்றால் கணக்கு மாறும். 30 பிரேம் கிளிப்புக்கு அங்கே சீரான வேகம் 100, அடுத்தது 50. போனில் 60-இல் எடுத்திருந்தால் 30 டைம்லைனில் 50 சதவீதம் வரைக்கும், 24 டைம்லைனில் 40 சதவீதம் வரைக்கும் ஒரு படத்தைக்கூடத் திருப்பிக் காட்டாமல் போகலாம். 120-இல் எடுத்தது 24 டைம்லைனில் 20 சதவீதம் வரை தாங்கும். கிளிப்பின் தகவலில் 30 என்பதற்குப் பதில் 29.97 என்று இருந்தால் டைம்லைனையும் 24 என்று வைக்காமல் 23.976 என்று வையுங்கள், அப்போதுதான் கணக்கு முழுசாக ஒட்டும். இதை வேலை தொடங்குமுன்பே முடிவு செய்துவிட வேண்டும். டாவின்சி ரிசால்வில் டைம்லைனில் கிளிப்புகளைப் போட்ட பிறகு அதன் பிரேம் வேகத்தை மாற்ற விடாது.

சாமைக் கிளிப்பை 40 சதவீதத்தில் வைத்தேன். தட்டு ஒன்றரை விநாடி ஆனது. 18 படம், ஒவ்வொன்றும் இரண்டு முறை, 36 பிரேம். தடுமாற்றம் போய்விட்டது. ஆனாலும் லேசாக ஒரு துடிப்பு இருந்தது, ஏனென்றால் விநாடிக்கு 12 புதுப் படம்தானே. இந்த இடத்தில்தான் மென்பொருள் நடுப்படங்களை உண்டாக்கும் வேலைக்கு வருகிறோம்.

ரிசால்வில் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து Inspector-இல் `Retime and Scaling` பகுதியைத் திறந்தால் `Retime Process` என்று ஒன்று இருக்கும். அதில் மூன்று வழி. `Nearest` என்பது இருக்கிற படத்தையே திருப்பிக் காட்டுவது, இதுவரை பார்த்ததெல்லாம் இதுதான். `Frame Blend` அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று மங்கலாகப் போட்டு நடுப்படம் செய்கிறது. `Optical Flow` முதல் படத்தில் இருந்த ஒவ்வொரு சிறு துண்டும் அடுத்த படத்தில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடி, பாதி தூரத்தில் அதை வைத்துப் புதுப் படம் வரைகிறது. பிரீமியரில் இதே மூன்றும் `Time Interpolation` என்ற பெயரில் `Frame Sampling`, `Frame Blending`, `Optical Flow` என்று இருக்கின்றன.

பெரும்பாலானவர்கள் மூன்றாவதுதான் உயர்ந்தது என்று நினைத்து எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறார்கள். நான் இந்த வீடியோவில் கற்றது, எது உயர்ந்தது என்பது கேமரா முன்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மலையில் எடுத்த மூன்று காட்சிகளும் மூன்று விதமாக நடந்துகொண்டன.

முதலில் பாட்டி. `Optical Flow` போட்டதும் முகமும் தோளும் சேலை முந்தானையும் வெண்ணெய் மாதிரி நகர்ந்தன. சும்மா சொல்லக்கூடாது, 120-இல் எடுத்தது என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். ஆனால் முறத்துக்கு மேலே கண்ணைக் கொண்டுபோனால் தானியம் எல்லாம் கூழாகக் கரைந்து, விளிம்பெல்லாம் நெளிந்தது. காரணம் புரிந்துவிட்டால் இது எங்கெங்கே நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அடையாளம் கண்டுபிடிக்கக் கூடியதாக ஒரு துண்டு இருந்தால்தான் அது எங்கே நகர்ந்தது என்று தேட முடியும். முகத்துக்கு அடையாளம் உண்டு. நூறு சாமை மணிகளில் எந்த மணி எது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து மணியைத் தன் மணி என்று நினைத்து இழுத்துவிடுகிறது. இன்னொரு சிக்கல் மறைப்பு. கை முறத்தைத் தாண்டிப் போகும்போது அதுவரை கைக்குப் பின்னால் இருந்த தரை திடீரென்று வெளிப்படுகிறது. அந்தத் தரை முந்தைய படத்தில் இல்லவே இல்லை. இல்லாததை எங்கிருந்து நகர்த்துவது? சுற்றியிருப்பதை இழுத்து ஒட்டுகிறது, விரல் ஓரத்தில் ரப்பர் மாதிரி நீள்கிறது. வேலிக்குப் பின்னால் நடப்பவர், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள், காற்றில் ஆடும் இலைகள் எல்லாம் இந்த இரண்டில் ஒரு வகையில் மாட்டும்.

இதற்கு ஒரு சமரசம் செய்தேன். அதே கிளிப்பை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டிராக்கில் வைத்தேன். கீழே `Nearest`, மேலே `Optical Flow`. மேலே உள்ளதில் முறத்தையும் தானியம் பறக்கும் இடத்தையும் சுற்றி ஒரு மாஸ்க் போட்டு வெட்டி, ஓரத்தை நன்றாக மென்மையாக்கினேன். இப்போது பாட்டியின் உடம்பு வழவழப்பாக நகர்கிறது, தானியம் மட்டும் இரண்டிரண்டாக வருகிறது. மதிய வெயிலில் எடுத்ததால் ஷட்டர் மிக வேகமாக இருந்து, மணிகள் கூர்மையான புள்ளிகளாகப் பதிந்திருந்தன. அந்தப் புள்ளிகள் துடித்து நகர்வது பளபளப்பாகத் தெரிந்ததே தவிரக் குறையாகத் தெரியவில்லை. நண்பருக்கு அதுதான் மிகவும் பிடித்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

40 சதவீதத்தில் நிறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வேகத்தில் இரண்டு உண்மைப் படத்துக்கு நடுவே ஒரே ஒரு கற்பனைப் படம்தான் வருகிறது. அது கொஞ்சம் தப்பாக வரைந்திருந்தாலும் விநாடியில் 24-இல் ஒரு பங்குதான் திரையில் நிற்கும், உடனே உண்மைப் படம் வந்து கண்ணைத் திருத்திவிடும். 25 சதவீதத்துக்குப் போனால் கற்பனைப் படங்கள் தொடர்ச்சியாகப் பல வரும், கண் பிடித்துவிடும். எவ்வளவு நல்ல மென்பொருளாக இருந்தாலும் உண்மைக்கும் கற்பனைக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தைத் தாண்ட நான் மிகவும் யோசிப்பேன். தாண்டினால் அந்தக் காட்சியில் ஒன்றோடொன்று குறுக்கிடும் பொருள் இருக்கக்கூடாது. வானத்தைப் பின்னணியாகக் கொண்டு மேட்டில் தனியாக நடக்கிற ஒருவர் என்றால் 20 சதவீதம் வரை கூடப் போகலாம், அப்போதும் கால் காலைத் தாண்டும் இடத்தில் முழங்கால் கரைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு பிரேமில் மட்டும் கரைந்தால் அந்தப் பிரேமை வெட்டியெடுத்து அதற்கு மட்டும் `Nearest` போட்டுவிடுவேன். ஒரு பிரேம் நின்றது யாருக்கும் தெரியாது, உருகிய முழங்கால் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது பீமன் அருவி. மழைக்குப் பிறகு போயிருந்ததால் தண்ணீர் நன்றாக விழுந்தது. இங்கே `Optical Flow` முழுத் தோல்வி. விழுகிற தண்ணீரில் அடையாளம் என்று எதுவுமே ஒரு பிரேமுக்கு மேல் நிலைப்பதில்லை. ஒவ்வொரு படத்திலும் துளிகள் பிரிந்து சேர்ந்து வேறு உருவம் எடுக்கின்றன. மென்பொருள் இல்லாத தொடர்பைக் கற்பித்து இழுக்க, அருவி பாகுக் கம்பி மாதிரி முறுக்கிக்கொண்டு இறங்கியது. ஏளனமாகப் பார்க்கப்படும் `Frame Blend`-ஐப் போட்டதும் சரியாகிவிட்டது. இரண்டு படத்துத் தண்ணீரும் ஒன்றில் ஒன்று கலந்தால் கிடைப்பது மங்கலான தண்ணீர், மங்கலான தண்ணீர் அருவிக்கு அழகுதான். புகைப்படக்காரர்கள் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்துப் பட்டுத்துணி மாதிரி அருவியை எடுக்கிறார்கள் இல்லையா, ஏறக்குறைய அதே விளைவு. புகை, மூடுபனி, நெருப்பு, மழை எல்லாவற்றுக்கும் இதே மருந்து.

ஆனால் ஒரு நிபந்தனை. பாறை அசையாமல் இருக்க வேண்டும். கையில் பிடித்து எடுத்த கிளிப்பில் `Frame Blend` போட்டால் பாறைக்கும் இரட்டை நிழல் விழும். நண்பர் கையில்தான் எடுத்திருந்தார். அதனால் முதலில் ஆட்டத்தை நிறுத்தும் ஸ்டெபிலைசேஷனை மூலக் கிளிப்பில் போட்டு, அதைத் தனிக் கோப்பாக எடுத்து, அந்தக் கோப்பின் வேகத்தைத்தான் குறைத்தேன். வரிசை முக்கியம். மெதுவாக்கியதன்மேல் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னால் அது திரும்ப வரும் பிரேம்களைப் பார்த்துக் குழம்பும். பிரீமியரில் `Warp Stabilizer` போட்ட கிளிப்பில் நேரடியாக வேகத்தை மாற்ற முடியாது, ஒன்றை நெஸ்ட் செய்து வெளியே மற்றொன்றைச் செய்ய வேண்டும்.

அருவியின் சத்தத்தை வேகத்தோடு சேர்த்து மெதுவாக்காதீர்கள், லாரி உறுமுவது மாதிரி ஆகிவிடும். ஒலியைப் பிரித்து இயல்பான வேகத்திலேயே ஓடவிடுங்கள். இதற்குமேல் ஒலியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது காட்சிதான் ஸ்பீட் ராம்ப். போளூரிலிருந்து மலையேறும் சாலையில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, ஒரு வளைவைத் தாண்டுமுன்னும் பின்னும் எடுத்த 10 விநாடி. அதிர்ஷ்டவசமாக இது மட்டும் 60 பிரேம். நண்பருக்கு வேண்டியது, சாலை வேகமாக ஓடிவந்து வளைவைத் திரும்பியதும் பள்ளத்தாக்கு திறக்கும் இடத்தில் காலம் நின்றதுபோல் மெதுவாகி, பிறகு மறுபடி ஓட வேண்டும்.

இங்கே இரண்டு இடத்தில் படம் குதிக்கலாம். மெதுவான பகுதியில் என்பது தெரிந்ததே. வேகமான பகுதியிலும் குதிக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம், அங்கே படம் போதாமல் போவதில்லை, ஏராளமாக விடுபடுகிறது. 60 பிரேம் கிளிப்பை 24 டைம்லைனில் 100 சதவீதத்தில் ஓட்டினாலே இரண்டரைப் படத்துக்கு ஒன்றை எடுக்கிறது, அதாவது ஒரு முறை இரண்டு தாண்டி, அடுத்த முறை மூன்று தாண்டி. மறுபடி தாளப் பிசகு. நம் பழைய கணக்கைப் போடுங்கள். 24-ஐ 60-ஆல் வகுத்தால் 40. அதன் மடங்குகள் 40, 80, 120, 160, 200. இந்த எண்களில் மட்டும் சீராக ஓடும். 40-இல் ஒவ்வொரு படமும், 80-இல் ஒன்றுவிட்டு ஒன்று, 200-இல் ஐந்துக்கு ஒன்று. எனவே வேகமான பகுதிக்கு 200, மெதுவான பகுதிக்கு 40 என்று வைத்தேன்.

முதல் 6 விநாடி 200 சதவீதத்தில் 3 விநாடி ஆனது. பள்ளத்தாக்கு தெரியும் 2 விநாடி 40 சதவீதத்தில் 5 விநாடி ஆனது, அதில் இருக்கும் 120 படமும் உண்மையான படம், மென்பொருளிடம் ஒன்றும் கடன் வாங்கவில்லை. இடையில் 200-இலிருந்து 40-க்கு இறங்கும் சரிவுக்கு மூலத்தில் 1 விநாடி ஒதுக்கினேன். சராசரி வேகம் 120 என்பதால் அது டைம்லைனில் 20 பிரேம் எடுத்தது. திரும்ப ஏறும் சரிவுக்கும் அதே 1 விநாடி, 20 பிரேம். 10 விநாடிக் கிளிப், ஏறக்குறைய 9.7 விநாடியில் முடிந்தது. எதுவும் நீளவில்லை, ஆனால் பார்ப்பவருக்குக் காலம் நின்றது போலிருக்கும்.

ரிசால்வில் இதைச் செய்ய `Retime Controls` திறந்து, வேகம் மாற வேண்டிய இடங்களில் ஸ்பீட் பாயிண்ட் வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் சதவீதம் கொடுக்க வேண்டும். இதை அப்படியே விட்டால் வேகம் ஒரே பிரேமில் 200-இலிருந்து 40-க்கு விழும், பைக் சுவரில் முட்டியதுபோலிருக்கும். `Retime Curve` திறந்து அந்தப் புள்ளிகளை வளைவாக மாற்றி, கைப்பிடியை இழுத்துச் சரிவை அகலமாக்கினால்தான் இறக்கம் தெரியும். பிரீமியரில் `Time Remapping` கீஃபிரேமை இரண்டாகப் பிரித்து இழுத்து அதே வளைவைச் செய்யலாம். எவ்வளவு அகலம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு அரை விநாடிக்குக் குறையாமல் என்பது. அதைவிடச் சுருங்கினால் குதிப்பாகத் தெரிகிறது, ஒன்றரை விநாடிக்கு மேல் நீண்டால் வேகம் மாறியதே தெரியாமல் மந்தமாகிறது.

சரிவு எங்கே தொடங்குகிறது என்பதும் பெரிய விஷயம். பைக் வளைவில் சாய்ந்து நிமிரும் தருணத்தில் உண்மையிலேயே வேகம் குறைகிறது. சரிவை அந்த நிமிர்வின்மேல் வைத்தேன். இயல்பிலேயே நடக்கும் ஒரு மாற்றத்தின்மேல் நம் மாற்றத்தை ஏற்றிவிட்டால் கண் சண்டைக்கு வராது. நேர்ச்சாலையின் நடுவே வைத்துப் பார்த்தேன், எடிட்டரின் கை தெரிந்தது. சரிவுக்குள் வேகம் 200-க்கும் 40-க்கும் இடையில் எல்லா எண்களையும் கடந்துதான் போக வேண்டும், அங்கே தாளம் சீராக இருக்காது. அந்த 20 பிரேமுக்கு மட்டும் `Optical Flow` போட்டால் போதும், குறுகிய இடம் என்பதால் பிழை தெரியாது.

இனி வேகப் பகுதி. ஐந்துக்கு ஒன்று என்று எடுத்தும் சாலையோர மரங்கள் துண்டு துண்டாகத் தாவின. வெயிலில் ஷட்டர் வேகமாக இருந்ததால் ஒவ்வொரு படமும் கூர்மை. நிஜத்தில் வேகமாகப் போகும்போது மரங்கள் கண்ணில் இழுபடும், இங்கே அந்த இழுப்பு இல்லை. அதற்கு, தாண்டிப் போகும் படங்களைத் தூக்கி எறியாமல் அவற்றைக் கலந்து இழுப்பை உண்டாக்கலாம். முதல் 6 விநாடியை எஃப்எஃப்எம்பெக்கில் இப்படிச் செய்தேன்:

```
ffmpeg -t 6 -i saalai.mp4 -vf "tmix=frames=3,setpts=PTS/2,fps=24" -an vegam.mp4
```

`tmix=frames=3` அடுத்தடுத்த மூன்று படங்களைக் கலக்கிறது, `setpts=PTS/2` வேகத்தை இரட்டிப்பாக்குகிறது, `fps=24` ஐந்துக்கு ஒன்றை எடுக்கிறது. 3 என்பதை 5 ஆக்கினால் இழுப்பு அதிகமாகும். தூரத்து மலைக்கும் நடுத்தூர மரங்களுக்கும் அருமையாக வந்தது. சாலை ஓரத்தில் கேமராவை உரசிப்போகும் புதர் மட்டும் ஒரே புதர் மூன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் இரண்டு படத்துக்கு நடுவில் அது நகர்ந்த தூரம் மிக அதிகம். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அந்த ஓரத்தை வெளியே தள்ளிவிட்டேன். இந்தக் கோப்பு ஏற்கெனவே 200 சதவீதத்தில் 24 பிரேமாக இருப்பதால், இதை டைம்லைனில் மாற்றாமல் அப்படியே வைத்து, சரிவிலிருந்து மூலக் கிளிப் தொடங்கும்படி ஒட்ட வேண்டும். இந்த ஒட்டு, வேகம் ஒன்றாக இருக்கும் இடத்தில் விழுவதால் தெரியாது.

கணக்கெல்லாம் சரியாகப் போட்டும் ஒரு கிளிப் மட்டும் நடுநடுவே விக்கியது. மலையில் இருட்டிய பிறகு ஒரு வீட்டு முற்றத்தில் எடுத்தது. இந்த மலைத்தொடரில்தான் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது. அதை அங்கே வைத்ததற்கு ஒரு காரணமான இருட்டு, போன் கேமராவுக்குப் பகை. வெளிச்சம் போதாதபோது பல போன்கள் ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, 30 என்று சொல்லிவிட்டு 24-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். பகலிலும் நொடிக்கு நொடி சற்று ஏறி இறங்கும். எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரான 30 என்று நம்பி நிரப்பும்போது அங்கங்கே ஒரு பிரேம் இரட்டிக்கிறது. இயல்பு வேகத்தில் அது கண்ணுக்குப் படாது. மெதுவாக்கினால் விக்கலும் சேர்ந்து நீளும். இதைக் கண்டுபிடிக்க:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate -of default=nw=1 iravu.mp4
```

இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. முதலாவது 30 என்றும் இரண்டாவது 24-க்கு அருகிலும் இருந்தால் பிரேம்கள் சீரற்று வந்திருக்கின்றன. அப்போது கிளிப்பை `-vf fps=24` என்று கொடுத்துச் சீராக்கி, அந்தப் புதுக் கோப்பில் வேலை செய்ய வேண்டும். பெட்டியில் 30 என்று எழுதியிருக்கிறதே என்று 30-க்கு மாற்றினால் இரட்டைப் பிரேம்களை நிரந்தரமாகப் பதித்துவிடுவீர்கள்.

இதோடு ஒன்று. நண்பர் ஒரு கிளிப்பை 120-இல் எடுத்ததாகச் சத்தியம் செய்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், எனக்கு வந்தது 30. போனின் ஸ்லோ மோஷன் வகையில் எடுத்ததைப் பகிரும்போது, மெதுவான பகுதியை அப்படியே உள்ளே பதித்து 30 பிரேமாக மாற்றி அனுப்பும் போன்கள் உண்டு, வாட்ஸ்அப் மேலும் சுருக்கும். டாக்குமெண்டாக, அல்லது கேபிளில், மூலக் கோப்பைக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டு வாங்கிய கோப்பை ffprobe-இல் போட்டுப் பார்த்தேன், 120 இருந்தது. ஒரு மணி நேர வேலை மிச்சம்.

குதிக்கிறது என்று முடிவு கட்டுமுன் ஒரு தடவை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். கம்ப்யூட்டர் திணறுவதால் மட்டும் முன்னோட்டம் குதிப்பது உண்டு. எக்ஸ்போர்ட் செய்ததும் குதித்தால் அம்புக்குறி விசையை ஒவ்வொன்றாக அழுத்தி நகருங்கள். ஒரே படம் ஒழுங்கில்லாமல் இரண்டு, மூன்று என்று வந்தால் சதவீதம் தவறு. ஒரு பொருளுக்கு இரண்டு நிழல் தெரிந்தால் கலப்பு தவறான இடத்தில் போட்டிருக்கிறீர்கள். ஓரம் நெளிந்தால் `Optical Flow` தாங்காத காட்சி. காட்சி மாறும் இடத்தில் ஒரு பிரேம் மட்டும் விகாரமாக இருந்தால், கிளிப்புக்குள் ஏற்கெனவே ஒரு வெட்டு இருக்கிறது, அங்கே பிரித்துவிட்டு வேகத்தை மாற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு நான்கு பிரேமுக்கும் ஒரு முறை இரட்டித்தால், 24 டைம்லைனை 30-இல் எக்ஸ்போர்ட் செய்திருக்கிறீர்கள். இதை நான் அந்த வீடியோவில் செய்தேன். நண்பர் ஊருக்குப் போய்விட்ட பிறகு கண்டுபிடித்து, 24-இல் மறுபடி எடுத்து அனுப்பினேன்.